பின்னால் வந்தது முன்னால் போகட்டும்

ஏஜென்சி வண்டி வந்து நிற்பது பெரும்பாலும் கடையில் ஆள் கூடியிருக்கும் நேரத்தில்தான். பில்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குள் நாலு பேர் சில்லறை கேட்பார்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பையன், "அண்ணாச்சி, எங்க வைக்க?" என்பான். "முன்னாலயே வச்சிருடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வரும். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. பழைய பாக்கெட்டுகள் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்க, ஒருநாள் யாராவது அவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது டேட் முடிஞ்சு போச்சே" என்று கவுன்ட்டரில் வைக்கிறார்.

கொஞ்சம் பழகிய கடைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதுச்சரக்கு பின்னால், பழசு முன்னால். முதலில் வந்தது முதலில் போகும். சரக்குக் கணக்குப் பாடத்தில் இதை ஃபிஃபோ என்பார்கள். பாதிக் கிணறு இதிலேயே தாண்டிவிடலாம். மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்ப்பது. கடைக்கு வந்த நாளை வைத்துச் சரக்கு கெடுவதில்லை. பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் நாளை வைத்துத்தான் அது விற்க முடியாததாகிறது. இந்த இரண்டும் ஒரே வரிசையில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏஜென்சிக் குடோனிலும் அடியில் கிடந்த பெட்டி ஒருநாள் மேலே வரும். வேறொரு கடையில் விற்காமல் திரும்பியது உங்கள் தெருவுக்கு வரும். பத்துக்கு ஒன்று இலவசம் என்று ஸ்கீமில் தள்ளிவிடும் சரக்கில், நாள் குறைவானது கலந்திருப்பதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் 40 சாம்பார்ப் பொடி பாக்கெட்டுகள் இருக்கின்றன. எல்லாம் நவம்பர் கடைசி வரை தாங்கும். ஜூன் 10-ஆம் தேதி காலையில் இன்னொரு 60 வருகிறது. அதில் இருப்பது ஜூலை 31. நாளுக்கு ஒரு பாக்கெட் போகும் கடை என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்ததை முதலில் விற்றால், பழைய 40 தீர ஜூலை 19 ஆகிவிடும். மறுநாள் புதுப்பெட்டியைத் தொட்டால், மாதக் கடைசிக்குள் 12 போகும். 48 குப்பைக்கு. ஜூலைப் பெட்டியை முதலில் விற்றிருந்தால் அதற்கு 52 நாள் கிடைத்திருக்கும். நிற்பது 8 மட்டுமே. நவம்பர்ச் சரக்கு ஆகஸ்டில் தொடங்கி, செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குள் நிதானமாகத் தீர்ந்துவிடும். பையன் யோசிக்காமல் புதுப்பெட்டியை முன்னால் வைத்தானே, இந்த ஒரு தடவை அவன் செய்தது சரி!

கொள்முதல் பாக்கெட்டுக்கு 30 ரூபாய், லாபம் 4 ரூபாய் என்றால் அந்த 48 பாக்கெட்டில் போனது 1,440 ரூபாய். அதை மீட்க 360 பாக்கெட் விற்க வேண்டும். நாளுக்கு ஒன்று போகும் கடையில் அது ஏறக்குறைய ஒரு வருட வேலை.

முதலில் முடிவது முதலில் போகட்டும் என்ற இந்த முறைக்கு ஃபெஃபோ என்று பெயர். ஆனாலும் அந்த 8 பாக்கெட் நின்றதைக் கவனியுங்கள். அடுக்குவதில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும், 52 நாளில் 60 பாக்கெட் போகாது. அந்தத் தவறு நடந்தது அலமாரியில் அல்ல, வண்டி வாசலில். பெட்டியை இறக்கும்போதே ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இதுல அம்பது போதும்" என்றோ "வேற டேட் இருந்தா குடுங்க" என்றோ சொல்ல வேண்டிய இடம் அது. காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுப்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நிபந்தனை. அதை நம்பி இறக்குவதைவிட, இறக்கும் முன் பார்ப்பது மேல்.

பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பாக்கெட்டில் முடியும் தேதி நேராகவே இருக்கும். சிலவற்றில் பேக் செய்த மாதத்தைப் போட்டு, அதிலிருந்து இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்றிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, கூட்டத்துக்கு நடுவே மனக்கணக்குப் போட யாராலும் முடியாது. அதனால் கணக்கை ஒரே தடவை, இறக்கும்போதே போட்டு, பெட்டியின் முகப்பில் தடித்த மார்க்கரால் முடியும் மாதத்தின் எண்ணை மட்டும் பெரிதாக எழுதிவிடலாம்: 7, 11 என்று. அதற்குப் பிறகு யாரும் பொடி எழுத்தைத் தேட வேண்டாம். சின்ன எண் முன்னால், பெரிய எண் பின்னால். டிசம்பர் நெருங்கும்போது அடுத்த ஆண்டுச் சரக்கும் வந்துவிடும் என்பதால் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பிப்ரவரியின் 2, இந்த நவம்பரின் 11-ஐ முந்திக்கொண்டு போய்விடும்.

நம் கடைகளில் அலமாரி சுவரை ஒட்டித்தான் இருக்கும். பின்பக்கமிருந்து அடுக்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் பழசை எல்லாம் கீழே இறக்கிப் புதுசை உள்ளே தள்ள வேண்டும். கூட்ட நேரத்தில் அது நடக்காது. அதற்குப் பதிலாக இடம் வலமாக அடுக்கலாம்: முதலில் முடிவது இடது ஓரம், எடுப்பது எப்போதும் இடதிலிருந்து. பெட்டி மாதிரி மேலிருந்து திறக்கும் ஃப்ரீசர்தான் படுமோசம். அதன் அடியில் போனது வெளிச்சத்தைப் பார்ப்பதே அரிது. அதற்குள் கூடைகள் வைத்து, மாத எண்ணைக் கூடையிலேயே கட்டிவிட்டால் கூடையோடு தூக்கிவிடலாம்.

பில் போடும் மெஷின் இதைக் கவனித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. மளிகைப் பாக்கெட்டில் வழக்கமாக இருக்கும் 13 இலக்க பார்கோடில் எந்தப் பொருள் என்பது மட்டுமே இருக்கிறது, தேதி இல்லை. ஜூலைப் பாக்கெட்டும் நவம்பர்ப் பாக்கெட்டும் மெஷினுக்கு ஒன்றேதான். மருந்துக்கடை பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் வருகிறதே என்றால், சரக்கு வரும்போதே அவற்றைத் தனியாகப் பதிந்து வைக்கிறார்கள் என்பதால்தான் வருகிறது. மளிகைக்கடையில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது மார்க்கர் பேனா.

வீட்டுச் சமையலறைக்கு வந்தால், பாக்கெட்டைவிட மோசம் அரிசி ட்ரம். அடியில் இரண்டு படி இருக்கும்போதே புது மூட்டையைப் பிரித்து மேலே கொட்டிவிடுகிறோம். அளந்து எடுப்பது மேலிருந்து. அடி அரிசி மாதக்கணக்கில் அசைவதில்லை. அதில் வண்டு முட்டையிட்டிருந்தால், பொரிந்து வருபவை மேலே இருக்கும் புது அரிசிக்குத்தான் ஏறும். பழசை முறத்தில் எடுத்து, ட்ரம்மை உலர்ந்த துணியால் துடைத்து, புதுசை அடியிலும் பழசை மேலேயும் போட வேண்டும். பழசில் ஏற்கெனவே வண்டு தெரிந்தால் இரண்டையும் கலக்கவே கூடாது. வெயிலில் காயவைத்துப் புடைத்து, தனியாக வைத்து அதை முதலில் தீருங்கள்.

பிரித்த பாக்கெட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அச்சடித்த தேதி, மூடியிருக்கும் பாக்கெட்டுக்கு, அதுவும் சொன்ன குளிரில் வைத்திருந்தால்தான். பனீரைப் பிரித்த அன்றைக்கே அதற்கு வேறு தேதி தொடங்கிவிடுகிறது. பிரித்த நாளை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி, மூடியிருப்பதற்கு முன்னால் வையுங்கள். இரவெல்லாம் கரன்ட் போயிருந்தால், உப்பிப்போன தயிர்ப் பாக்கெட்டில் இன்னும் மூன்று நாள் இருப்பதாக அச்சடித்திருந்தாலும் அதை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.