ஒரே மதிப்பெண், இரண்டு பழுதுகள்

ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுபோட்ட சட்டை அணிந்த ஒருவர் வெள்ளையடித்த சுவர் முன் நிற்கிறார். ஒரு பிரதியை மங்கலாக்குகிறோம். இன்னொன்றில் இரைச்சலைச் சேர்க்கிறோம், அதாவது இருட்டில் எடுத்த செல்போன் படத்தில் தெரியுமே, அந்தப் பொடிப் புள்ளிகளை. அளவு பார்த்துச் செய்தால் இரண்டுக்கும் பி.எஸ்.என்.ஆர். மதிப்பெண் ஒன்றாகவே வரும். கண்ணுக்கோ இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

காரணம் எளிது. பி.எஸ்.என்.ஆர். ஒவ்வொரு பிக்சலிலும் அசலுக்கும் பிரதிக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிச் சராசரி எடுக்கிறது. 255-இன் வர்க்கத்தை அந்தச் சராசரியால் வகுத்து டெசிபலில் சொல்கிறது. பிழை எவ்வளவு என்று அதற்குத் தெரியும். எப்படிப்பட்ட பிழை என்று தெரியாது.

சட்டைக் கோட்டிலிருந்து நான்கு பிக்சல்களைப் பார்ப்போம். அசலில் 100, 140, 100, 140. மங்கலாக்கியதில் 110, 130, 110, 130. இரைச்சல் சேர்த்ததில் 110, 150, 90, 130. இரண்டிலும் எல்லாப் பிக்சலும் சரியாகப் பத்துப் பத்து நகர்ந்திருக்கின்றன. வர்க்கச் சராசரி 100, பி.எஸ்.என்.ஆர். இரண்டுக்கும் 28.1 டெசிபல்.

2004-இல் ஜோ வாங், ஆலன் போவிக், ஹமீத் ஷேக், ஈரோ சிமோன்செல்லி ஆகியோர் வெளியிட்ட எஸ்.எஸ்.ஐ.எம். அளவுகோல் இதே பிக்சல்களிடம் மூன்று கேள்வி கேட்கிறது. சராசரி வெளிச்சம் ஒத்துப்போகிறதா? ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது கான்ட்ராஸ்ட், ஒத்துப்போகிறதா? அசல் ஏறும் இடத்தில் பிரதியும் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்குகிறதா? இந்த மூன்றாவதுதான் அமைப்பு. மூன்று விடைகளையும் பெருக்கினால் மதிப்பெண். ஒன்று வந்தால் அச்சு அசல்.

வெளிச்சம் இரண்டு பிரதியிலும் 120-தான், அதில் குறையில்லை. மங்கலில் ஏற்ற இறக்கம் 20-லிருந்து 10-ஆகச் சுருங்கிவிட்டது, ஆகவே கான்ட்ராஸ்ட் 0.82. ஆனால் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அமைப்பு முழு ஒன்று. இரைச்சலில் கதை தலைகீழ். ஏற்ற இறக்கம் 22-ஐத் தாண்டி லேசாகக் கூடுகிறது, கான்ட்ராஸ்ட் 0.99. ஆனால் 150-க்கு அடுத்து 90, அதற்கடுத்து 130 என்று கோட்டின் ஒழுங்கு குலைந்ததால் அமைப்பு 0.90. மொத்தத்தில் மங்கலுக்கு 0.82, இரைச்சலுக்கு ஏறக்குறைய 0.90.

அப்படியானால் இரைச்சல்தான் தேவலையா? அவசரப்பட வேண்டாம், சுவருக்கு வருவோம். அங்கே எல்லாப் பிக்சலும் 120. மங்கலாக்கினாலும் 120-தான், மதிப்பெண் ஒன்று. அதே அளவு இரைச்சலைச் சேர்த்தால் 130, 130, 110, 110. மதிப்பெண் 0.37-க்கு விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், இம்முறை விழுந்தது கான்ட்ராஸ்ட். அமைப்பு ஒன்றிலேயே நிற்கிறது. ஒப்பிட அசலில் ஏற்ற இறக்கமே இல்லாதபோது, பூஜ்யத்தால் வகுக்க நேராமல் இருக்கச் சூத்திரத்தில் சேர்த்த சிறு மாறிலிகள் மட்டும் மிஞ்சி ஒன்று என்று காட்டிவிடுகின்றன. ‘மங்கல் என்றால் கான்ட்ராஸ்ட், இரைச்சல் என்றால் அமைப்பு’ என்று மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நிஜப் படத்தில் நுண்ணிய இழைகளும் பெரிய வடிவங்களும் கலந்திருப்பதால், மங்கலிலும் அமைப்பு ஓரளவு குறையத்தான் செய்யும்.

நால்வரின் கட்டுரையில் ஒரு படகுப் படம் உண்டு. அதன் பல பழுதான பிரதிகளுக்கும் வர்க்கச் சராசரி 210, அதாவது சுமார் 24.9 டெசிபல். வெளிச்சம் மட்டும் கூட்டிய பிரதிக்கு எஸ்.எஸ்.ஐ.எம். 0.99, ஆங்காங்கே பிக்சல்கள் கருப்பும் வெள்ளையுமாகத் தெறித்த பிரதிக்கு 0.77, மங்கலுக்கு 0.71. முதலாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி கண் சொல்வதோடு ஒத்துப்போகிறது. ஆனால் 0.77-க்கும் 0.71-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இரைச்சல் எப்போதும் மேல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. படத்தில் சட்டை எவ்வளவு, சுவர் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சராசரி மாறிவிடும்.

பைத்தானில் கணக்கிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிக்சல்கள் 0 முதல் 1 வரை உள்ள படத்துக்கு `data_range=255` என்று கொடுத்தால் மாறிலிகள் பூதாகரமாகி, குப்பைப் படமும் பெரும்பாலும் ஒன்றுக்கு மிக அருகில் வாங்கிவிடும். எல்லாமே சந்தேகப்படும்படி நன்றாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள். scikit-image-இன் `structural_similarity` செயற்கூறில் `full=True` சேர்த்தால் பிக்சல்வாரியான வரைபடம் கிடைக்கும். சராசரியை மட்டும் எழுதிவிட்டு நகராமல், இருண்டிருப்பது சட்டையா சுவரா என்று அதில் பாருங்கள்.