சிறு வியாபாரம் – 9: முந்திரிக்காரர் எழுதும் அறுபது செய்திகள்

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே உள்ள மங்கலம்பேட்டையில், சுற்றுவட்டாரத்து முந்திரியை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்கும் ஒரு சிறு வியாபாரி, தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கையில், தம் கைப்பேசியில் உள்ள அறுபது பேருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கை முதலில் எழுதுவது பெரும்பாலும் இதுதான்: "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! உலகத்தரம் வாய்ந்த முந்திரி! உங்களுக்கு மட்டும் விசேஷ விலை! இன்றே கடைசி!"

இதில் பெரும்பாலானவற்றை வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க வழியில்லை. சோதிக்கக்கூடிய இரண்டும் பொய்யாகிவிடுகின்றன. இன்றே கடைசி என்றவர் மறுநாளும் அதே விலையைச் சொல்வார். உங்களுக்கு மட்டும் என்ற செய்தி ஒரே குடும்பத்தில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் போயிருக்கும். இருவரும் ஒரு விசேஷத்தில் சந்தித்துப் பேசும்போது, விலையைவிட அந்த வியாபாரியின் நாணயமே அவர்களுக்குச் சந்தேகமாகிவிடும். ஆகையால் அறுபது செய்திகளையும் அறுபது பேரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒப்பிட்டுப் படித்தாலும் வெட்கப்பட நேராதபடி எழுதுவதே முதல் நியமம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு வேண்டியது சொல்திறமை அன்று, ஒரு நோட்டுப்புத்தகம். யார், எந்த ஊர், போன தடவை என்ன வாங்கினார், எதற்காக வாங்கினார் என்பவை அதில் இருந்தால் செய்தியின் முதல் வரி தானே அமைந்துவிடும். பழைய வாடிக்கையாளரான ஓர் அம்மையாருக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம் அக்கா. போன தீபாவளிக்கு முந்திரி கேக் செய்யணும்னு பாதிப்பருப்பு 2 கிலோ வாங்கினீங்க. இந்த வாரம் உடைச்சது வந்திருக்கு, படம் கீழே. கிலோ 800 ரூபாய், அனுப்புற செலவு தனி. வேணும்னா சொல்லுங்க, எடுத்து வைக்கிறேன்." அந்த முதல் வரியைப் பெயர் மட்டும் மாற்றி அடுத்தவருக்கு அனுப்ப முடியுமானால், அது பிரத்தியேகமான வரியன்று. நோட்டில் ஒன்றுமே இல்லாதவரிடம் நெடுநாள் நட்புப்போல க்ஷேமம் விசாரிக்காமல், விலையையும் சரக்கையும் மட்டும் மரியாதையாகச் சொல்லி நிறுத்துவதே யோக்கியம்.

அறிமுகமில்லாத இனிப்புக் கடைக்காரர் விஷயம் வேறு. அவருக்கு நம்பிக்கை தருவது அவரே அளந்து பார்க்கக்கூடிய ஒரு விவரம். முழுப்பருப்பில் 320 என்ற தரத்துக்கு, ஒரு ராத்தலில், அதாவது ஏறக்குறைய 454 கிராமில், 300 முதல் 320 பருப்பு நிற்கும் என்பது வியாபாரக் கணக்கு. 240 என்பது அதைவிடப் பெரிய பருப்பு. ஆகவே, "ஐயா, வணக்கம். மங்கலம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எண்ணை இன்னார் தந்தார். எங்களிடம் 320 முழுப்பருப்பு இருக்கிறது. 100 கிராம் நிறுத்து எண்ணினால் 70 அளவில் இருக்கும். மாதிரி அனுப்பட்டுமா? தேவையில்லையென்றால் சொல்லிவிடுங்கள், மறுபடி எழுத மாட்டேன்" என்று எழுதினால், அவர் கடைத் தராசே நமக்குச் சாட்சியாகிவிடுகிறது. அந்த இன்னாரிடம், பெயரைச் சொல்லலாமா என்று முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். படமும் வேறெங்கோ எடுத்த பளபளப்பான படமாக இல்லாமல், தராசின் மேல் இருக்கும் நம் சரக்கின் படமாகவே இருக்கட்டும்.

அனுப்பும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும். மற்றவருக்குச் சேராது, பல நாளாகியும் ஒற்றை டிக்கிலேயே நின்றால் அவர் நம் எண்ணைச் சேமிக்கவில்லையோ என்று சந்தேகிக்கலாம். ஆகையால் பழையவர்களுக்கும்கூட, முதல் வரி ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதால், தனித்தனியே அனுப்புவதே சரி. அறுபது பேருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். புதியவர்களுக்கு மொத்தமாக அள்ளி வீசினால் அவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் கொடுப்பார்கள்; அத்தகைய புகார்கள் பெருகினால் கணக்கே முடக்கப்படக்கூடும்.

பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதுவும் சொல்வதற்குப் புதிதாக ஏதேனும் இருந்தால் மட்டும்: உடைத்த சரக்கில் இத்தனை கிலோதான் பாக்கி என்பதோ, விலை இறங்கியது என்பதோ, பார்சல் புறப்படும் தேதியோ. "பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்கும் செய்தி எதையும் தருவதில்லை, படித்துவிட்டுப் பேசாமலிருந்தவரைக் குற்றவாளிபோல் நிறுத்துகிறது. மறுபடியும் மௌனமென்றால் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடிட்டு, அடுத்த தீபாவளி வரை விட்டுவிட வேண்டும். வேண்டாம் என்று பதில் எழுதியவருக்கு அப்போதும் எழுதக் கூடாது.