பச்சைக் குச்சி, இறங்கிய விலை

பங்குச் சந்தை ஆர்வம் கொண்ட நண்பர் ஒருவர் இருந்தால் போதும், பச்சையும் சிவப்புமாகக் குச்சிகள் நிறைந்த படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்துவிடும். கேண்டில்ஸ்டிக் சார்ட் என்பது அதன் பெயர்.

குச்சிகளை விட்டுவிட்டு முதலில் இடது மேல் மூலையைப் பாருங்கள். பங்கின் பெயருக்குப் பக்கத்தில் 5m, 1D என்று ஏதாவது இருக்கும். ஒரு குச்சி எவ்வளவு நேரத்துக்கானது என்பதை அதுதான் சொல்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வணிகம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை. 1D படத்தில் அந்த நாள் முழுக்க ஒரே குச்சி. 5m படத்தில் 75 குச்சிகள். அதில் செங்குத்தாகத் தெரியும் ஏற்றம், நாள் படத்தில் ஒரு குச்சிக்குள் அடங்கிப்போகலாம். இந்த மூலையை வெட்டிவிட்டு அனுப்பிய படத்தை நான் படிக்கவே முயல்வதில்லை.

இப்போது ஒரு நாள் குச்சி. O 500, H 514, L 496, C 510 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்கு 500 ரூபாயில் தொடங்கி 510இல் முடிந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தடித்த பகுதி குச்சியின் உடல். மேலே 514 வரையும் கீழே 496 வரையும் நீளும் மெல்லிய கோடுகள் விக். அன்று விலை தொட்ட உச்சமும் அடியும் அவை. எதை முதலில் தொட்டது என்று இந்தக் குச்சியை வைத்துச் சொல்ல முடியாது. தொடங்கிய விலையைவிட முடிந்த விலை அதிகம் என்பதால் நிறம் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு.

புதியவர்கள் குழம்புவது இந்த நிறத்தில்தான். முந்தைய நாள் அதே பங்கு 520இல் முடிந்திருந்தால்? காலையில் 20 ரூபாய் இறங்கித் திறந்து, பகலில் 10 ரூபாய் மீண்டிருக்கிறது. குச்சி பச்சை. கையில் பங்கு வைத்திருப்பவருக்கோ நேற்றைவிட 10 ரூபாய் குறைவு. வழக்கமான அமைப்பில், நிறம் அந்தக் குச்சியின் தொடக்கத்தோடு ஒப்பிட்டே வருகிறது. நேற்றைய முடிவை அது கணக்கில் கொள்வதில்லை. முந்தைய குச்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இறக்கம் தெரியும்.

கடைசிக் குச்சியில் இன்னொரு சிக்கல். படம் எடுத்த கைபேசியின் கடிகாரம் 11.20 காட்டினால், அந்த நாளின் குச்சி இன்னும் முடியவில்லை. C என்று இருப்பது அந்த நொடியின் விலை. 3.30க்குள் அதே குச்சி சிவப்பாகவும் மாறலாம். வலப்பக்க விலை அளவையும் ஒருமுறை பாருங்கள்: அது 490இல் தொடங்கி 530இல் முடிந்தால், வெறும் 2 சதவீத அசைவுகூடப் படத்தின் கால்வாசி உயரத்துக்கு எழும்பி நிற்கும்.

கடைசிக் குச்சிக்கு வலப்புறம் யாராவது அம்புக்குறி போட்டு 'டார்கெட் 560' என்று எழுதியிருந்தால், அது சந்தை தந்த தகவல் அல்ல, அனுப்பியவரின் கருத்து. கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படி ஆலோசனை சொல்ல செபியிடம் பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் INA என்றும், ஆய்வாளருடையது INH என்றும் தொடங்கும்; செபியின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.