மீதி 0 வந்தால் கணக்கு சரியா?

டியூஷன் எடுப்பவர்களிடம் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்த சீட்டு வருவது வழக்கம். ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் இப்படி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"மிஸ், நேற்று தந்த இரண்டு வகுத்தல் கணக்கையும் முடித்துவிட்டான். முதல் கணக்கில் மீதி 0, அதனால் சரி என்று நினைக்கிறேன். இரண்டாவதைப் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன், ஒத்து வருகிறது. ஆனால் செல்போன் கால்குலேட்டரில் 122.71 என்று என்னமோ வருகிறது. எது சரி என்று பார்த்துச் சொல்லுங்கள்."

முதல் கணக்கு, 3672-ஐ 12-ஆல் வகுப்பது. பையன் எழுதியது ஈவு 36, மீதி 0. இரண்டாவது, 859-ஐ 7-ஆல் வகுப்பது. அதற்கு ஈவு 121, மீதி 12 என்று எழுதியிருக்கிறான். இரண்டுமே தப்பு.

முதல் கணக்கில் தப்பு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. 36-இல் 12 மூன்று முறை போகிறது; கழித்தால் 0. அடுத்து 7-ஐக் கீழே இறக்குகிறான். 7-இல் 12 போகாது. உடனே 2-ஐயும் இறக்கி 72 ஆக்குகிறான். ஆறு முறை, மீதி 0. வாய்ப்பாடு, கழித்தல் எல்லாம் சரி. ஆனால் 7-ஐ இறக்கி, 'போகவில்லை' என்று தெரிந்த இடத்தில் ஈவில் ஒரு 0 போட்டிருக்க வேண்டும். அதை விட்டதால் 306 என்பது 36 ஆகிவிட்டது.

அந்த 0 எதற்கு என்று பையன் கேட்டால், 'விதி அப்படி' என்று சொல்லி அனுப்புவது நியாயமில்லை. 3672 ரூபாயை 12 பேருக்குப் பிரித்துக் காட்டலாம். கையில் 36 நூறு ரூபாய்த் தாள்கள், 7 பத்து ரூபாய்த் தாள்கள், 2 ஒரு ரூபாய் நாணயங்கள். நூறு ரூபாய்த் தாள் ஆளுக்கு 3. ஏழு பத்து ரூபாய்த் தாளை 12 பேருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே பத்து ரூபாய்த் தாள் ஆளுக்கு 0. அந்த ஏழையும் சில்லறையாக மாற்றினால் 70 நாணயம், ஏற்கெனவே இருந்த 2 சேர்த்து 72. ஆளுக்கு 6. மூன்று நூறு வாங்கியவரிடம் மொத்தம் 36 ரூபாய்தான் என்று சொன்னால் பையனே சிரித்துவிடுவான்.

அம்மா படித்த காலத்தில் ஈவை வலப்பக்கம் எழுதியிருக்கலாம். இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த முறையில் 0 தவறிப்போவது எளிது. ஈவை மேலே, ஒவ்வொரு இலக்கத்தையும் அதற்குரிய இலக்கத்தின் தலைக்கு நேராக எழுதினால், 7-க்கு மேலே காலி இடம் பளிச்சென்று தெரியும். கட்டம் போட்ட நோட்டு இதற்கு நல்ல உதவி.

விடையின் கடைசியில் வரும் 0-வும் இதே போலத் தொலையும். 845-ஐ 7-ஆல் வகுத்து 'ஈவு 12, மீதி 5' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஈவு 120.

இரண்டாவது கணக்குதான் அம்மாவைக் குழப்பியது. அவர் செய்த சோதனை பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்: வகுக்கும் எண்ணை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வர வேண்டும். 7 × 121 = 847; அதோடு 12 சேர்த்தால் 859. அச்சாகப் பொருந்துகிறது! இருந்தாலும் விடை தப்பு. மீதி 12, வகுக்கும் எண்ணான 7-ஐவிடப் பெரியது. அதற்குள் இன்னொரு 7 இருக்கிறது. கடைசியில் 19-இல் 7 இரண்டு முறை போகும் என்பதற்குப் பதிலாகப் பையன் ஒரு முறையோடு நிறுத்திவிட்டான். சரியான விடை ஈவு 122, மீதி 5. பெருக்கிக் கூட்டும் சோதனையோடு, மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதா என்றும் பார்த்தால்தான் சோதனை முழுமை பெறும்.

கால்குலேட்டர் காட்டியதும் இதே விடைதான். அது மீதி என்று தனியாகச் சொல்லாமல் அந்த 5-ஐயும் ஏழாகப் பங்கிட்டு, 0.714285... என்று புள்ளிக்குப் பின்னால் காட்டுகிறது. புள்ளிக்கு முன்னால் உள்ள 122-தான் ஈவு. மீதி வேண்டுமானால் 122 × 7 = 854; அதை 859-இலிருந்து கழித்தால் 5.

ஆசிரியை இந்தச் சீட்டுக்குப் பதிலாக விடைகளை மட்டும் திருத்தி அனுப்பலாம். அதைவிட, அடுத்த கணக்கைத் தொடங்கும் முன் பையனிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதுவது நல்லது: "விடை 100-க்கு மேலேயா, கீழேயா?" 12 × 100 = 1200; 3672 அதைவிடப் பெரியது. ஆக ஈவு குறைந்தது மூன்று இலக்கம். அதை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்த பையன், 36 என்று முடிக்கும்போது தானாகவே நின்று, 7-க்கு மேலே உள்ள காலிக் கட்டத்தைத் தேடுவான்.