இரவுப் பணி - 9: சுள்ளிக்கட்டு

அது நவம்பர் மாதம், மழைக்காலம். எங்கள் மருத்துவமனையில் டெங்குக் காய்ச்சலுக்கென்றே ஒரு வார்டை ஒதுக்கியிருந்தார்கள். இரவு லேபில் நான் ஒருவன்தான் இருப்பேன். ஊதா மூடிக் குழாய்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாச் சீட்டிலும் எழுதியிருப்பது ஒன்றுதான்: "காய்ச்சல், பிளேட்லெட் பார்க்கவும்."

மணி ஒன்றே முக்கால் இருக்கும். இருபத்தாறு வயதுப் பெண் ஒருவரின் ரத்தம் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், ஈறில் ரத்தக்கசிவு, டெங்குவா என்று கேள்விக்குறி. எந்திரம் கொடுத்த கணக்கு: வெள்ளையணு 2,100, பிளேட்லெட் 14,000, ஹீமோகுளோபின் 7.8. வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் குறைந்த ரிப்போர்ட்டில் அன்று இரவு அது நான்காவது. முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் யாரும் டெங்கு என்றே நினைப்பார்கள்.

என்னை நிறுத்தியது மூன்றாவது எண். டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். அதனால் ரத்தம் கெட்டியாகும். ஹீமோகுளோபின் ஏறும், அல்லது இருந்த இடத்தில் நிற்கும். நிறைய ரத்தம் போனால் இறங்கலாம். ஆனால் ஈறில் கசிந்த ரத்தத்துக்கு 7.8 என்பது அதிகமான இறக்கம். இந்தச் சோகை ஐந்து நாளில் வந்ததாகத் தோன்றவில்லை.

குழாயைச் சாய்த்து, உள்ளே கட்டி ஏதும் இருக்கிறதா என்று குச்சியால் தேடினேன். ரத்தம் லேசாக உறைந்திருந்தாலும் பிளேட்லெட் பொய்யாகக் குறையும். கட்டி இல்லை. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித்தகட்டில் இழுத்தேன். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டேன். அதன்மேல் இரண்டு பங்கு பஃபர் நீர் சேர்த்துப் பத்து நிமிடம் விட வேண்டும். பக்கத்தில் மற்றக் குழாய்கள் காத்திருக்க, அந்தப் பத்து நிமிடம் நீளமாகத்தான் தெரியும். அவசரப்பட்டு ஐந்தில் கழுவினால் செல்லுக்குள் இருக்கும் துகள்கள் நிறம் பிடிக்காது. அன்று தேட வேண்டியிருந்ததே அந்தத் துகள்களைத்தான்.

வெள்ளையணு குறைந்த ரத்தத்தில் தகட்டின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. ரத்தத்தை இழுக்கும்போது பெரிய செல்கள் ஓரத்துக்கும் வால்முனைக்கும் ஒதுங்கும். எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸைத் திருப்பி, வாலிலிருந்து பார்த்து வந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய செல். டெங்குவிலும் பெரிய செல்கள் வரும். அவை கிருமியோடு மல்லுக்கு நிற்கும் லிம்போசைட்டுகள். நீல விளிம்போடு அகலமாகப் பரந்து, பக்கத்துச் சிவப்பணுவின் வளைவுக்கு ஏற்ப வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைப் பிளாஸ்ட் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அனுபவமுள்ளவர்கள் பிளாஸ்டையே லிம்போசைட் என்று எழுதிவிட்டுப் போவதும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து.

இந்தச் செல் அப்படி இல்லை. உட்கரு நடுவில் இடுங்கி, இரண்டு மடலாகப் பிரிந்திருந்தது. அதன் இழை மெல்லியதாக, வளர்ச்சி முற்றாத செல்லுக்கு உரியதாக இருந்தது. சுற்றிலும் செவ்வூதாத் துகள்கள், உட்கருவின் விளிம்பே மறையும் அளவுக்கு. அடுத்த செல்லும் அப்படியே. அதற்கடுத்ததில், சிவந்த ஊசி போன்ற குச்சிகள் நாலைந்து ஒன்றாகக் கட்டி வைத்தாற்போல் கிடந்தன.

அந்தக் குச்சிக்கு ஆவர் குச்சி என்று பெயர். 1906-இல் அதை விவரித்த ஜான் ஆவரின் பெயரில் வந்தது. கட்டுக்கட்டாக அது கிடக்கும் செல்லுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரின் பொருள் நம் ஊர்ச் சுள்ளிக்கட்டுதான். சாயத்தின் படிவும் சில நேரம் இப்படிக் கண்ணை ஏமாற்றும். நுண்திருகை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். படிவாக இருந்தால் செல்லுக்கு மேலே வேறு தளத்தில் தெளியும், செல் இல்லாத இடத்திலும் கிடக்கும். இது செல்லோடு சேர்ந்தே தெளிந்தது, செல்லுக்குள் மட்டுமே இருந்தது.

நூறு செல் எண்ணித்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். இருபது எண்ணியிருந்தேன், பதிமூன்று இந்த வகை. எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். மணி 2.20.

"மேடம், லேப்ல இருந்து பேசறேன். டெங்கு வார்டு பதினோராம் பெட்."

"பிளேட்லெட் தானே? பதினாலாயிரம்னு பார்த்துட்டேன்."

"அது இல்ல மேடம். ஸ்மியர்ல பிளாஸ்ட் மாதிரி செல் இருக்கு. துகள் நிறைய இருக்கு, ஆவர் குச்சி கட்டுக்கட்டா இருக்கு."

"டெங்குல லிம்போசைட் அப்படித் தெரியும்ல?"

"தெரியும் மேடம், ஆனா லிம்போசைட்டுக்குள்ள இந்தக் குச்சி வராது. நோய் என்னன்னு நான் சொல்ல முடியாது, பார்த்ததைச் சொல்றேன். கேனுலா போட்ட இடத்துல ரத்தம் நிக்குதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இல்லப்பா. ரெண்டு தடவை பஞ்சு மாத்திட்டாங்க."

நான் சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதினேன். பிறகு நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரப்பி ரத்தம் அனுப்பச் சொன்னேன். அந்தக் குழாய் குறைவாக நிரம்பினால் ரத்தம் உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். சரியாக நிரம்பித்தான் வந்தது. பி.டி. 22 விநாடி, இயல்பான ரத்தத்துக்கு அன்று 13.

ஏன் இந்த அவசரம்? நான் சந்தேகப்பட்டது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கிமியா. இதில் வரும் செல்கள் சரியாகச் சொன்னால் புரோமைலோசைட்டுகள், பிளாஸ்டுக்கு அடுத்த படியில் நின்றுபோனவை. கணக்கில் பிளாஸ்டாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்தத் துகள்களில் உள்ள பொருள்கள் ரத்தத்தில் கலந்து, உறையும் சக்தியையே தின்றுவிடும். இந்த நோயாளிகள் முதல் சில நாட்களில் இறப்பது பெரும்பாலும் மூளையிலோ நுரையீரலிலோ ஏற்படும் ரத்தக்கசிவால்தான். அதைத் தாண்டிவிட்டால், ரத்தப் புற்றுநோய்களில் குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள வகைகளில் இதுவும் ஒன்று.

மாற்றியது ஒரு மாத்திரை. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஆட்ரா. ஷாங்காயில் வாங் சென்யி 1985-இல் அதை ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். மற்றப் புற்றுமருந்துபோல் அது செல்லைக் கொல்வதில்லை. வளராமல் நின்றுபோன செல்லை வளர்த்து முடிக்க வைக்கிறது. கூடவே கசிவும் அடங்கத் தொடங்குகிறது. ஆர்செனிக்கும் இதற்கு மருந்தாவதைச் சீனாவின் ஹார்பினில் கண்டறிந்தார்கள். ஆர்செனிக்கை மட்டும் கொடுத்துக் குணமாக்கிய அனுபவத்தை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்டார்கள்.

டியூட்டி டாக்டர் ஓடி வந்து லென்ஸில் பார்த்தார். கைபேசியை ஐபீஸில் வைத்துப் படமெடுத்து, மருத்துவக் கல்லூரியில் இருந்த ரத்தநோய் நிபுணருக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது: எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், சந்தேகம் போதும், மாத்திரையை ஆரம்பித்துவிடலாம். தசை ஊசி எதுவும் வேண்டாம், பிளேட்லெட் ஏற்றி அனுப்புங்கள். உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 45 மில்லிகிராம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஆக நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை ஏழு, காலையில் நான்கு, இரவில் மூன்று. எங்கள் மருந்தகத்தில் ஒன்றுகூட இல்லை. நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆறு மணிக்குள் அங்கே முதல் நான்கையும் விழுங்கியிருந்தார்.

அதன்பிறகுதான் நூறு எண்ணி முடித்தேன். அறுபத்தெட்டு. மரபணுச் சோதனை நோயை உறுதிசெய்ததாக அந்த வாரமே தகவல் வந்தது. மறு வருடம் மழைக்காலத்தில் அவரே எங்கள் லேபுக்கு வந்தார், அவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்று.

வாசகர்களுக்கு ஒன்று. காய்ச்சலில் பிளேட்லெட் குறைந்து, கூடவே ஹீமோகுளோபினும் இறங்கியிருக்கும் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால், "ஸ்மியர் பார்த்தீங்களா?" என்று லேபில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

(தொடரும்)