எழுத்துக்கு இடம் விட்ட படம்

விழா மலருக்கு அட்டை போடும்போது பல இடங்களில் நடப்பது இதுதான். வந்து குவிந்த படங்களில் எல்லோருக்கும் பிடித்த ஒன்றை எடுத்துப் பக்கம் முழுக்க விரித்து, அதன் மேல் தலைப்பைப் போடுவார்கள். தலைப்பு எடுபடாது. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டுவார்கள். போதாது என்று நிழல் கொடுப்பார்கள். கடைசியில் எழுத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்காரும். பட்டை வந்துவிட்டால் படத்தை விளிம்பு வரை விரித்ததற்கே அர்த்தமில்லை. இத்தனைக்கும் எழுத்தின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. படத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே அது தோற்றுவிட்டது.

பின்னணிப் படத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அதில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, எங்கே எதுவும் இல்லை என்பதை. வானம், தண்ணீர், வெறும் சுவர், மூட்டம், மணல் போல ஒரே சாயலில் விரிந்து கிடக்கும் பகுதி வேண்டும். அது தலைப்பு உட்காரும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றி ஏ4 அளவில் ஒரு மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மூன்று படங்கள் இருக்கின்றன. ஒன்று, தேரை நெருங்கி எடுத்தது. தொங்கும் தொம்பைகள், சீலைகள், மரச்சிற்பங்கள் என்று சட்டம் நிறைய வண்ணம். இரண்டாவது, வடம் பிடிப்பவர்களின் முகங்கள். மூன்றாவது, எதிர்வீட்டு மாடியிலிருந்து தள்ளி நின்று எடுத்தது. மேலே வெளிறிய பகல் வானம், நடுவில் தேர், கீழே கூட்டம். தனிப்படமாகப் போட்டால் முதலிரண்டுதான் அழகு. உள்பக்கத்தில் அவற்றைத் தாராளமாகப் போடலாம். அட்டைக்கு மூன்றாவதுதான்.

முதல் படம் ஏன் ஆகாது? தொம்பையின் பட்டைகளும் குஞ்சங்களும் ஏறக்குறைய எழுத்தின் கோட்டுப் பருமனிலேயே இருக்கின்றன. கண்ணுக்கு எது எழுத்து, எது அலங்காரம் என்று பிரிப்பதே வேலையாகிவிடும். தமிழுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ‘ஆழித்தேர்’ என்ற தலைப்பிலேயே இரண்டு புள்ளிகள். ழகரத்தின் கால் கீழே இறங்குகிறது, அதன் விசிறி மேலே ஏறுகிறது. பின்னால் மின்விளக்குச் சரமோ பூச்சரமோ இருந்தால் புள்ளி அதில் ஒன்றாகக் கலந்துவிடும், ‘ர்’ வெறும் ‘ர’ ஆகிவிடும். ஆங்கிலத் தலைப்புக்குப் போதுமானதாக இருந்த வெற்றிடம் தமிழுக்கு மேலும் கீழும் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும்.

இனி வெட்டுவது. அச்சகத்தில் தாளை வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதற்காகப் படத்தை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டுவார்கள். அச்சகத்தார் இதை ப்ளீட் என்பார்கள். ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர், ஆகவே படம் 216-க்கு 303 இருக்க வேண்டும். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் அளவு அங்குலத்துக்கு 300 பிக்சல். அப்படியானால் உயரத்துக்குச் சுமார் 3,580 பிக்சல் வேண்டும்.

நம் மாடிப் படம் 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கையாக எடுத்தது, 6,000-க்கு 4,000 பிக்சல். முழு உயரத்தையும் எடுத்துக்கொண்டால் அகலத்தில் 2,850 போதும், பாதிக்கு மேல் வெளியே போய்விடும். அதைப் பற்றிக் கவலையில்லை. பக்கவாட்டில் எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே அதுதான். தேரைச் சற்று வலப்பக்கம் தள்ளி, வடம் நீளும் இடப்பக்கத்தைத் திறந்துவிடலாம். உயரத்தில்தான் கை கட்டப்பட்டிருக்கிறது. 4,000-லிருந்து 3,580 வரை, அதாவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே வெட்டலாம்.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர், “தேர் இன்னும் பெருசா வரட்டும் சார்” என்பார். கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படத்தில் வானம் 1,500 பிக்சல், தேர் 1,900, கூட்டம் 600. முழு உயரத்தையும் விட்டால் வெட்டியபின் தாளில் வானம் 11 சென்டிமீட்டர் இருக்கும், தலைப்பு வசதியாக உட்காரும். தேர் ஒன்றரை மடங்கு ஆகட்டும் என்று உயரத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால், கூட்டத்தில் 400 வைத்துக்கொண்ட பிறகு வானத்துக்கு 367 பிக்சல்தான் மிஞ்சும். தாளில் 4 சென்டிமீட்டர்கூட இல்லை. அச்சுத் தரமும் 220 சொச்சத்துக்கு இறங்கி, சிற்பங்கள் மழுங்கத் தொடங்கும். தலைப்பு வேறு வழியின்றிக் கலசத்தின் மேல் ஏறும்.

ஏறினால் என்ன என்று கேட்கலாம். தலைப்பில் பாதி வெளிறிய வானத்தின் மேலும் பாதி இருண்ட தேரின் மேலும் நிற்கும்போது எந்த நிறமும் உதவாது. கறுப்பு தேரில் மறையும், வெள்ளை வானத்தில் கரையும். எழுத்து எங்கே நின்றாலும் அதன் அடி ஒரே சாயலாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வார இதழ்களில் நடிகரின் தலை இதழின் பெயரை மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் வாரா வாரம் கடையில் தொங்குவது, பாதி தெரிந்தாலும் வாசகர் படித்துவிடுவார். ஒரே ஒரு முறை வரும் மலருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்து நிறம். எழுத்துக்கும் அடிக்கும் இடையே எவ்வளவு வெளிச்ச வித்தியாசம் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் அது வருகிறது. வெள்ளையில் கறுப்பு 21 மடங்கு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 மடங்கு, பெரிய எழுத்துக்கு 3 மடங்கு. திரைக்காக எழுதிய விதிதான், என்றாலும் அச்சுக்கும் கை கொடுக்கும்.

நம் வானத்தை மென்பொருளின் சொட்டுக்குழாய்க் கருவியால் தொட்டுப் பார்த்தால், 0-விலிருந்து 255 வரை போகும் அளவில் 225 என்று காட்டுகிறது என்று கொள்வோம். வெள்ளை எழுத்து 4.5 மடங்கைத் தொட வேண்டுமானால் அடி 118-க்கு இறங்க வேண்டும். அதற்கு வானத்தின் மேல் ஏறக்குறைய 48 சதவீதக் கறுப்புத் திரை போட வேண்டும். உச்சிவெயில் தேரோட்டம் புயல் மாலை ஆகிவிடும். அதே வானத்தில் கரும் அரக்கு நிற எழுத்தைப் போட்டால் திரையே இல்லாமல் பத்து மடங்கு கிடைக்கிறது. படத்தின் மேல் எழுத்து என்றாலே வெள்ளை என்று கை தானாகப் போகிறது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ, பகல் வெளிச்சப் படங்களைப் பாதி கெடுப்பது அதுதான்.

கீழே கூட்டத்தின் மேல் துணைத்தலைப்பும் வெளியீட்டாளர் பெயரும் வர வேண்டும். இங்கே தப்பிக்க வழியில்லை. கறுத்த தலைகள், வெள்ளைச் சட்டைகள், சேலை வண்ணங்கள் எல்லாம் எழுத்தின் அளவிலேயே சிதறிக் கிடக்கின்றன. திரை போட்டே ஆக வேண்டும். கீழ் விளிம்பில் அடர்ந்து மேலே போகப் போக மறையும் கறுப்பு, கிரேடியன்ட் என்பது. இதில் அடிக்கடி நேரும் பிசகு ஒன்று உண்டு. பக்கத்தின் அடியில் 70 சதவீதம் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடுவார்கள். துணைத்தலைப்பின் மேல் வரி நிற்கும் இடத்தில் அது 20 சதவீதமாக இளைத்திருக்கும். அளக்க வேண்டியது அந்த மேல் வரியின் உயரத்தில், அதிலும் அங்கேயுள்ள மிக வெளிச்சமான சட்டையின் மேல். சட்டை 240 என்றால் வெள்ளை எழுத்துக்குச் சரியாக அங்கே 51 சதவீதம் வேண்டும். சராசரியை நம்பினால் சட்டை வந்த இடத்தில் இரண்டெழுத்து காணாமல் போகும். போதிய கறுப்பு போட்ட பிறகும் அடியில் தலைகள் துள்ளிக்கொண்டே இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் லேசாக மங்கலாக்கினால் அடங்கும்.

கணினித் திரையில் சரியாக இருந்தது அச்சில் கெடுவதும் உண்டு. தாள் மையைக் குடித்துப் புள்ளிகள் பரவும், இருண்ட பகுதி மேலும் இருளும். பளபளப்பில்லாத தாளில் இது அதிகம். இருட்டின் நடுவே வெள்ளையாக விட்ட மெல்லிய எழுத்துக்கு நான்கு நிறத் தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் மை எழுத்துக்குள் கசிந்து சுழிகளை அடைத்துவிடும். எனவே வெள்ளை எழுத்து என்றால் தடித்த வடிவமாக, ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும். வெளிர் அடியில் வரும் பொடி எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் போட்டால், ஒரே தகடு என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

சரிபார்க்க நான் செய்வது இரண்டு. அட்டையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். சிவப்பும் பச்சையும் நிறத்தால் வேறுபட்டாலும் வெளிச்சத்தில் ஒன்றாக இருப்பது அப்போது அம்பலமாகும். பிறகு தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். தலைப்பு படிக்கவாவது, குறைந்தது வார்த்தையின் வடிவமாவது தெரிய வேண்டும்.

இதே அட்டையை இணையப் பக்கத்தின் முகப்பாக வைத்தால் கதை மாறுகிறது. தாள் ஒரே அளவில் நிற்கும், திரை நிற்காது. கைபேசி நெட்டையாகவும் மடிக்கணினி அகலமாகவும் இருப்பதால், உலாவி படத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். <code>object-fit: cover</code> என்று எழுதினால் வேறொன்றும் சொல்லாதவரை நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களை உதறும். நாம் பாடுபட்டுக் காத்த வானமும் அந்த உதறலில் போகும். <code>object-position: 50% 0%</code> என்று கூடவே எழுதினால் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே வெட்டும், வானம் தங்கும். கீழ்த்திரையைப் படத்திலேயே வரைந்து சேமிக்கவும் கூடாது. படம் நகரும்போது அதுவும் எழுத்தை விட்டு நகர்ந்துவிடும். எழுத்து இருக்கும் பெட்டிக்குப் பின்னணியாக அதைக் கொடுத்துவிட்டால், படம் எங்கே வெட்டுப்பட்டாலும் திரை எழுத்தோடேயே போகும்.