பன்னிரண்டாம் மாதத்து வட்டி

வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு அரசு 2018இல் நிவாரணம் அறிவித்தபோது, மன்னார்த் தீவின் தாராபுரத்து மாணவர்க்கு நான் ஒரு கதை சொன்னேன்.

அக்காள் 12,000 ரூபாயை ஆண்டுக்கு 5 வீத வட்டிக்கு வங்கியில் இட்டாள். தங்கை அதே தொகையை 20 வீதத்துக்குக் கடன் பெற்று, மாதந்தோறும் முதலில் 1,000 ரூபாயும் வட்டியாக 200 ரூபாயும் கட்டினாள். ஆண்டு முடிவில் அக்காளுக்கு வரவு 600. தங்கைக்குச் செலவு 2,400.

“நான்கு மடங்குதானே, ஐயா?” என்றான் ஒருவன்.

“பன்னிரண்டாம் மாதம் தங்கையின் மீதிக் கடன் எவ்வளவு?”

“ஆயிரம்.”

“வட்டி?”

“அதே இருநூறு!”

அக்காளின் முதல் ஆண்டு முழுவதும் குறையவில்லை. தங்கையின் கடனோ மாதந்தோறும் குறைந்தது, வட்டி குறையவில்லை. ஆதலால், அவள் கட்டியது உண்மையில் ஏறத்தாழ 35 வீதம். வீதத்தை மட்டுமன்று, எத்தொகைமேல் என்பதையும் அவள் கேட்டிருக்க வேண்டும்.